அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும் மகனிடம் டூட்டி டாக்டர் சொல்கிறார்: “அம்மாவுக்கு பிரஷர் இப்போ 65-ல நிக்குது. மருந்து ஓடிக்கிட்டிருக்கு.” மகனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. வீட்டில் இருக்கும்போது அம்மாவுக்கு 150-க்குக் குறைந்து பார்த்ததில்லை. “65-ஆ டாக்டர்? அவ்வளவு இறங்கிடுச்சா?”

டாக்டர் சொன்ன எண்ணும் மகனுக்குத் தெரிந்த எண்ணும் ஒன்றல்ல. நாம் வழக்கமாகக் கேட்டுப் பழகியது 120/80 என்ற ஜோடி எண்ணை. ஐ.சி.யூ. மானிட்டரில் அந்த ஜோடிக்குப் பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். அதுதான் சராசரி தமனி அழுத்தம். திரையில் MAP என்று போட்டிருக்கும். டாக்டர்களும் நர்ஸ்களும் ‘மேப்’ என்பார்கள். ரத்த நாளங்களைச் சுருக்கும் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த மூன்றாவது எண்தான்.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் அழுத்தம் எகிறுகிறது. அது மேல் எண். தளர்ந்து அடுத்த துடிப்புக்காக நிரம்பும்போது அழுத்தம் இறங்குகிறது. அது கீழ் எண். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வந்துவிடும் என்று தோன்றும். வராது. சாதாரண வேகத்தில் துடிக்கும் இதயம், தள்ளுவதற்கு எடுக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தளர்ந்திருக்கிறது. அதனால் கீழ் எண்ணை இரண்டு முறையும் மேல் எண்ணை ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். 120/80 உள்ளவருக்கு 80, 80, 120 மூன்றும் சேர்ந்து 280. மூன்றால் வகுத்தால் 93. டாக்டர் சொன்ன 65-ஐ இந்த 93-உடன் ஒப்பிட வேண்டும், 120-உடன் அல்ல.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. கையில் பட்டையைச் சுற்றித் தானாகக் காற்றடித்து அளக்கும் எலெக்ட்ரானிக் கருவி, தமனியின் துடிப்பு பட்டையில் எந்த அழுத்தத்தில் அதிகமாக அதிர்கிறது என்று பார்க்கிறது. அந்த இடம்தான் சராசரி. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதன் பிறகுதான் அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாம் பின்குறிப்பாக நினைக்கும் எண்ணைத்தான் கருவி முதலில் கண்டுபிடிக்கிறது.

இப்போது அந்த அம்மாவின் படுக்கைக்கு அருகே போவோம். இது ஒருவரின் கதையல்ல, ஐ.சி.யூ.க்களில் அடிக்கடி நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் உதாரணம். வயது 68, எடை 60 கிலோ, பல வருடங்களாக பி.பி. மாத்திரை சாப்பிடுபவர். சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து, கிருமியின் தாக்கம் ரத்தத்திலும் பரவி, மயக்க நிலையில் கொண்டுவரப்பட்டார். பி.பி. 82/46. மேப் 58.

தொற்று முற்றும்போது உடம்பெங்கும் ரத்த நாளங்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. வாய்க்கால் கரை உடைந்து அகன்றால் என்ன ஆகும்? தண்ணீர் அதே அளவு இருந்தாலும் மட்டம் இறங்கிவிடும். தலைமடைக்கு எப்படியோ பாய்ந்துவிடும், கடைமடைக்கு ஏறாது. மேப் என்பது அந்தத் தண்ணீர் மட்டம். மூளையும் சிறுநீரகமும் சாதாரணமாகத் தங்கள் மடையைத் தாங்களே திருத்திக்கொள்ளும். மட்டம் சற்று இறங்கினால் தம் நாளங்களை அகலமாக்கி, வரவேண்டிய ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்தச் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால், அழுத்தம் குறையக் குறைய ரத்த ஓட்டமும் கூடவே குறையும். அந்த எல்லைக்கு மேலே மட்டத்தை நிறுத்தி வைக்கத்தான் இலக்கு. தொற்றால் வரும் அதிர்ச்சி நிலைக்கு உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல், தொடக்க இலக்காக 65 மில்லிமீட்டர் பாதரசம் என்கிறது.

அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் உடனே ஏறியது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லி வீதம் 1,800 மில்லி சலைன் ஓடியது. அதன் பிறகும் பி.பி. 88/50, மேப் 63. மேலும் மேலும் திரவம் ஏற்றினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். எனவே நார்அட்ரினலின் ஆரம்பிக்கப்பட்டது. விரிந்த நாளங்களைச் சுருக்கும் மருந்து இது. சிரிஞ்ச் பம்ப் வழியாக மணிக்கு இத்தனை மில்லி என்று சொட்டு பிசகாமல் போகும். உடம்பில் இதன் வீரியம் இரண்டொரு நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் ஒரு சிரிஞ்ச் தீரும் முன்பே நர்ஸ் அடுத்த சிரிஞ்சை நிரப்பித் தயாராக வைத்திருக்கிறார். மாற்றுவதில் ஒரு நிமிடம் தடுமாறினாலும் திரையில் எண் சரிவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

இந்த நிலைமையில் கைப்பட்டையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் செருகி, ஒவ்வொரு துடிப்பையும் அலையாகத் திரையில் காட்டுகிறார்கள். மானிட்டர் அந்த அலையின் பரப்பிலிருந்து மேப்பைக் கணக்கிடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 130 முறை துடிக்கும்போது தளரும் நேரம் சுருங்கிவிடுவதால் மூன்றால் வகுக்கும் கணக்கு தவறும், அலைக்கணக்கு தவறாது.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குழாயின் மறுமுனையில் இருக்கும் அழுத்த உணர்கருவி நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும்: நான்காவது விலா இடைவெளி, விலாப்புறத்தின் நடுக்கோடு. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வசதியாகக் கட்டிலை உயர்த்தினார்கள். உணர்கருவியோ கம்பத்தில் பழைய உயரத்திலேயே இருந்தது. இதயத்துக்குக் கீழே 20 சென்டிமீட்டர் இறங்கினால், குழாயில் நிற்கும் திரவத்தின் எடையே 15 மில்லிமீட்டரைக் கூட்டிக் காட்டும். திரையில் மேப் 72. உண்மையில் 57. எண் நன்றாக இருக்கிறதே என்று மருந்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! கட்டிலை அசைத்த உடனே எண் திடீரென்று உயர்ந்ததைக் கவனித்த நர்ஸ், முதலில் உணர்கருவியின் உயரத்தைப் பார்த்தார். மருந்தைத் தொடுவதற்கு முன் மட்டத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் உயிர் காக்கும் பழக்கம்.

சரி, 65 போதுமா? இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லதில்லையா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 776 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 65 முதல் 70 வரையும், மற்றதற்கு 80 முதல் 85 வரையும் இலக்கு வைத்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. 28 நாள்களில் இறந்தவர்கள் குறைந்த இலக்குப் பிரிவில் நூற்றுக்கு 34 பேர், கூடுதல் இலக்குப் பிரிவில் 37 பேர். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்; உயர்த்தியதால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்பதே இதன் பொருள். கூடுதல் மருந்து வாங்கிய பிரிவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறும் அதிகம் வந்தது.

பிறகு பிரிட்டனில் 65 ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து எதிர்த்திசையில் கேட்டன: 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 60 முதல் 65 வரை இருந்தால் போதாதா? 2,600 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2020-இல் வந்த முடிவில், 90 நாள்களில் இறந்தவர்கள் குறைந்த இலக்குப் பிரிவில் நூற்றுக்கு 41 பேர், வழக்கமான சிகிச்சையில் 44 பேர். இதுவும் தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் அழுத்தத்தைச் சற்றுத் தாழ்வாக விட்டதால் தீங்கு கூடவில்லை; மருந்தும் குறைவாகவே செலவானது.

இந்த மருந்து மிச்சமாவது பெரிய விஷயம். நார்அட்ரினலின் பெரிய வாய்க்காலை ஒடுக்கி மட்டத்தை ஏற்றுகிறது. அளவு கூடினால் சிறு மடைகளையும் அடைத்துவிடும். விரல் நுனிகள் கறுத்துப்போகும், குடலுக்கு ரத்தம் குறையும். திரையில் அழகான எண்ணும் போர்வைக்கடியில் சில்லிட்ட கால்களும் ஒன்றாக இருக்க முடியும். அதனால்தான் நல்ல ஐ.சி.யூ. டாக்டர் மானிட்டரைப் பார்த்த கையோடு நோயாளியின் விரல் நுனியை அழுத்திப் பார்க்கிறார். அழுத்தியதும் வெளுத்த இடம் மூன்று நொடிக்குள் சிவக்கிறதா? ரத்தத்தில் லாக்டேட் இறங்குகிறதா? சிறுநீர் எவ்வளவு வருகிறது?

அம்மாவுக்கு 65 எட்டிய பிறகும் மணிக்கு 15 மில்லிதான் சிறுநீர் வந்தது. 60 கிலோ எடைக்கு 30 மில்லியாவது வர வேண்டும். இங்கேதான் பிரெஞ்சு ஆய்வின் இன்னொரு பக்கம் உதவியது. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, கூடுதல் இலக்குப் பிரிவில் டயாலிசிஸ் போன்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 32 பேர். குறைந்த இலக்குப் பிரிவில் 42 பேர். வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய சிறுநீரகத்துக்குத் தாங்கும் எல்லையும் மேலே நகர்ந்துவிடுகிறது. அம்மாவின் வழக்கமான பி.பி. 150/90, அதாவது மேப் 110. டாக்டர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இலக்கை 75-க்கு உயர்த்திப் பார்த்தார்கள். சிறுநீர் 35 மில்லிக்கு ஏறியது. அந்த இலக்கையே தொடர்ந்தார்கள். ஏறாமல் இருந்திருந்தால் மறுபடி 65-க்கே இறக்கியிருப்பார்கள். பலன் தராத மருந்தைக் கூட்டி வைத்திருப்பது தீங்குதான்.

எல்லா நோய்க்கும் 65 பொருந்தாது. தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப்பிலிருந்து கழிக்க வேண்டும். மீதி 60-க்கும் 70-க்கும் இடையில் இருந்தால்தான் மூளைக்கு ரத்தம் ஏறும். உள்ளே 20 இருந்தால் மேப் 80-ஆவது வேண்டும். 65 அவருக்கு ஆபத்து.

அந்த அம்மா எந்த அழுத்தத்துக்குப் பழகியவர் என்பதை மானிட்டர் சொல்லாது. வீட்டிலிருப்பவர்தான் சொல்ல முடியும். உங்கள் வீட்டுப் பெரியவரை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அவருடைய பி.பி. நோட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். “எங்கம்மாவுக்கு எப்பவும் 150/90 இருக்கும்” என்று முதல் ஆளாக டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.