மாத்திரைப் பையில் ஒளிந்திருந்த காரணம்

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 72. மகளின் தோளைப் பிடித்தபடி மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தது மகள்தான்.

“அப்பாவுக்கு மூணு வாரமா சரியா வெளிக்குப் போகலை டாக்டர். நாலு நாளைக்கு ஒரு தடவை போறார். அதுவும் முக்கி முக்கி, ஆட்டுப் புழுக்கை மாதிரி. பேதி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் போச்சு, மறுபடி பழைய கதைதான்.”

தினமும் காலையில் போனால்தான் வயிறு சுத்தம் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. உண்மையில் ஒரு நாளைக்கு 3 முறை போவதும் இயல்புதான், வாரத்துக்கு 3 முறை போவதும் இயல்புதான். ஒரு வயதானவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை போகிறார், அதுவே அவருடைய பல வருட வழக்கம், சிரமமும் இல்லை என்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. நான் முதலில் கேட்பது, “எப்போதிலிருந்து இப்படி மாறியது?” என்றுதான். இந்த ஆசிரியர் ஐம்பது வருடமாகக் காலைக் காபி குடித்த கால் மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர். அந்த வழக்கம் மூன்று வாரத்துக்கு முன்னால் உடைந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சமயத்தில் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும்.

“சாப்பிடுற மாத்திரை எல்லாம் கொண்டுவந்தீங்களா ஐயா?” என்று கேட்டேன். துணிக்கடைப் பை ஒன்றை மேசைமேல் கவிழ்த்தார்.

இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, எட்டு வருடமாகச் சாப்பிடுவது. மூட்டு தேய்ந்ததற்கு எலும்பு மருத்துவர் கொடுத்த கால்சியம், தினமும் இரண்டு. முட்டிவலி தாங்கவில்லை என்று ஒரு மாதத்துக்கு முன்னால் தொடங்கிய டிராமடால். இவற்றோடு மூன்று வாரத்துக்கு முன்னால் சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரை. “ரொம்பக் களைப்பா இருக்குன்னு பக்கத்துல ஒரு டாக்டர்கிட்டப் போனோம். இரத்தம் கம்மின்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்” என்றார் மகள்.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குள் தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூழ் கஞ்சி போல வந்து சேர்கிறது. அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி எடுப்பதுதான் பெருங்குடலின் வேலை. கூழ் உரிய நேரத்தில் நகர்ந்துவிட்டால் மலம் மெத்தென்று இருக்கும். நகர்வு மந்தமானால் உறிஞ்சல் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், மலம் காய்ந்து கல்லாகும். டிராமடால் போன்ற வலி மருந்துகள் குடலின் அசைவை நேரடியாக மந்தமாக்குபவை. கால்சியமும் இரும்பும் மலத்தை இறுக்குபவை. மூன்றும் சேர்ந்தால் எப்படிப்பட்ட குடலும் திணறும்.

விசாரித்தபோது இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முட்டிவலியோடு இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போவது கஷ்டமாக இருப்பதால், மாலை நாலு மணிக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. மகன் அக்கறையோடு கழிவறையை வெஸ்டர்னாக மாற்றியிருக்கிறார். ஐயா குள்ளம், உட்கார்ந்தால் கால் தரையில் பதியாமல் தொங்குகிறது. குந்தி உட்காரும்போது ஆசனவாய்ப் பாதையைச் சுற்றி வளைத்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். கால் தொங்கினால் அந்த வளைவு நிமிராது, முக்குவதற்கும் பிடிமானம் இருக்காது. அரை அடி உயரப் பலகை ஒன்றைக் காலுக்கடியில் போட்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து உட்கார்ந்தால் பாதித் தொல்லை தீரும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அவரைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கையுறை போட்டு ஆசனவாயையும் சோதித்தேன். இந்தச் சோதனைக்கு நோயாளியும் கூச்சப்படுகிறார், மருத்துவரும் சில நேரம் தவிர்த்துவிடுகிறார். ஒரு நிமிட வேலைதான். ஆனால் கீழே மலம் கல்லாக அடைத்திருக்கிறதா, அங்கே கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஐயாவுக்குக் கட்டி இல்லை, காய்ந்த மலம் நிறைய இருந்தது.

இப்படி அடைத்துக்கொள்வதில் ஒரு ஏமாற்று உண்டு. படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டியை, “நாலு நாளா வயித்தாலே போகுது” என்று அழைத்து வந்திருந்தார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் கீழே பாறை போல அடைப்பு. மேலே தேங்கிய நீர் மட்டும் அந்த அடைப்பின் ஓரமாகக் கசிந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தது. வீட்டார் கொடுத்த மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கியிருந்தது. பல நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு ஒரு முதியவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போனால், போக்கை நிறுத்த மருந்து கொடுப்பதற்கு முன் அவரைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆசிரியருக்கு முதலில் கிளிசரின் குச்சி வைத்துக் கீழே இருந்த அடைப்பை இளக்கினோம். இரவில் 15 மில்லி லாக்டுலோஸ் கொடுத்தேன். அது பேதி மருந்து போல அடித்துத் தள்ளாது. குடலில் தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்கும், அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். டிராமடாலை நிறுத்திப் பாராசிட்டமாலுக்கு மாற்றினேன். எலும்பு மருத்துவரிடம் பேசிக் கால்சியத்தையும் நிறுத்தினோம். காலையிலிருந்து மாலைக்குள் தண்ணீரைப் பங்கிட்டுக் குடிக்கச் சொன்னேன். அவருக்கு இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் இல்லாததால் அப்படிச் சொல்ல முடிந்தது. அவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக்கூடாது.

“இசப்கோல் கொடுக்கலாமா டாக்டர்?” என்று மகள் கேட்டார். நல்ல பொருள்தான், ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டால்தான் அந்த உமி ஊறி மலத்துக்கு வழவழப்புத் தரும். தண்ணீரே குடிக்காத, ஏற்கெனவே அடைத்துக்கிடக்கும் முதியவருக்குக் கொடுத்தால் அடைப்பின்மேல் இன்னொரு மூட்டை ஏற்றியது போலாகும். அடைப்பு விலகட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

பத்து நாளில் ஐயா பழையபடி காபி குடித்துவிட்டுப் போக ஆரம்பித்துவிட்டார். பலருடைய மலச்சிக்கல் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு மாத்திரை என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டது? இரத்தம் குறைவு என்பதற்காக. இரத்தம் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. முதல் நாளே அனுப்பிய இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, உடம்பின் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. தைராய்டும் சர்க்கரையும் இரத்தக் கால்சியமும் சரியாக இருந்தன. இவற்றின் கோளாறும் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால்தான் பார்த்தோம்.

“அப்பா கீரையைத் தொடவே மாட்டார், அதனாலதான் இருக்கும்” என்றார் மகள். சாப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 72 வயது ஆணுக்கு இரும்புச்சத்து இந்த அளவு தீர்ந்துபோனால், எங்கோ இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இளம் பெண்களுக்கு மாதவிலக்கில் போகிறது. இந்த வயது ஆணுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் அது கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடிய பாதை பெரும்பாலும் இரைப்பையும் குடலும்தான். இரண்டையும் பார்த்து முடிக்காமல் கீரையின்மேல் பழியைப் போட முடியாது.

“அதான் மோஷன் சரியாயிடுச்சே, இனிமே எதுக்கு டாக்டர் ட்யூப் டெஸ்ட்?” என்று அவர் தயங்கியது நியாயமான தயக்கம். கொலனோஸ்கோப்பி என்றாலே பயம். குழாயை விட அதற்கு முந்தைய நாள்தான் உண்மையில் சிரமம். குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீரை இரண்டு லிட்டர் வரை, முந்தைய மாலை பாதியும் அன்று விடியற்காலை பாதியுமாகக் குடிக்க வேண்டும். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, விதை, தோலுள்ள பழங்கள் கூடாது. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கரிய பிசுக்கு குடல் சுவரை மறைத்துவிடும். மலச்சிக்கல் உள்ளவர்களை இன்னும் கூடுதல் நாள் தயார்படுத்த வேண்டியிருக்கும். பரிசோதனை நடக்கும்போது மயக்க ஊசி போட்டுவிடுவதால் பலருக்கு அது நினைவில்கூட இருப்பதில்லை.

இரைப்பை சுத்தமாக இருந்தது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்க அடிவயிற்றில், ஒரு புற்றுக்கட்டி இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது, உள்ளே இருப்பதும் கூழ். அங்கே கட்டி வளர்ந்தால் வழி அடைபடுவதில்லை. மலச்சிக்கல் வராது, மலத்தில் இரத்தமும் கண்ணுக்குத் தெரியாது. தினமும் சிறிது சிறிதாகக் கசிந்து ஆளைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். ஐயாவின் மலச்சிக்கலுக்கும் அந்தக் கட்டிக்கும் தொடர்பு இல்லை. சிக்கலைக் கொண்டுவந்தவை மாத்திரைகள். களைப்பைக் கொண்டுவந்தது கட்டி. இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்குவதால், உள்ளே கசிவு கொஞ்சம் கூடியிருந்தாலும் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. இரும்பால் கருத்த மலம் கெட்டியாகவே இருக்கும். நிறைய இரத்தம் கலந்தால் தார் போல ஒட்டும், நாற்றமும் தனியாகத் தெரியும்.

இடப்பக்கம் கதை வேறு. அங்கே குடல் குறுகல், மலமும் கெட்டியாகிவிட்டிருக்கும். அங்கே கட்டி வந்தால் வழக்கம்தான் முதலில் மாறும். சில நாள் போகாது, சில நாள் இளகிப் போகும், இரண்டும் மாறி மாறி வரும். மலம் நாடா போலவோ பென்சில் போலவோ மெலிந்து வரத் தொடங்கி அப்படியே நிலைக்கும். போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு விடாது. இரத்தமும் படும். அதைப் பார்த்ததும் “மூலம்தான்” என்று களிம்பு வாங்கித் தடவி, ஆறு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். மூலம் இருக்கிறவருக்கு உள்ளே கட்டியும் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக இரத்தம் பட்டால் அதை மூலம் என்று முடிவு செய்யும் உரிமை, சோதித்துப் பார்த்த மருத்துவருக்குத்தான் உண்டு. காரணம் தெரியாமல் எடை குறைந்தாலும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குடல் புற்று இருந்திருந்தாலும், மாத்திரைகளைச் சரிசெய்த பிறகும் சிக்கல் இரண்டு மூன்று வாரத்தில் அசையாவிட்டாலும் உள்ளே பார்த்துவிட வேண்டும்.

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. அப்போது விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ எனிமாவோ வீட்டில் கொடுக்கக்கூடாது. அடைபட்ட குடலை அவை மேலும் அழுத்தும், குடல் கிழியவும் கூடும்.

ஐயாவுக்கு வலப்பக்கக் குடலை வெட்டி எடுத்து இணைத்தார்கள். எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வந்தபோது ஹீமோகுளோபின் 12.8. மேசைமேல் அதே துணிக்கடைப் பையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எந்தத் தேதியில் தொடங்கியது, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்தக் கையெழுத்தில் எழுதியிருந்தார். ஓர் அட்டையில் மட்டும் “எதற்காக” என்ற இடம் காலியாக இருந்தது. அதைத் தனியே எடுத்து என் பக்கம் தள்ளினார்.