கைக்குக் கை வந்த அம்மைப்பால்

என் அம்மாவின் கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அம்மை குத்தியது. என் கையில் அது இல்லை, என் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது.

நோயைக் கொண்டே நோய்க்குத் தடுப்பு

ஆரம்பத்தில் குத்தியது பெரியம்மையையேதான். லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழைத் துளி எடுத்து, இன்னொருவரின் தோலைக் கீறித் தடவுவார்கள். இந்தியாவிலும் துருக்கியிலும் இது பழைய வழக்கம். தானாகத் தொற்றினால் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் இறந்தார்கள். இப்படிக் குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர். ஆனால் குத்திக்கொண்டவரிடமிருந்து அண்டை வீட்டுக்கு நிஜமான பெரியம்மையே பரவலாம்.

அந்த ஆபத்து நீங்க 1796-இல் வழி பிறந்தது. பால் கறக்கும் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர். பிறகு பெரியம்மைச் சீழைக் குத்தியும் அவனுக்கு நோய் வரவில்லை.

மருந்துக் குப்பியாகக் குழந்தைகள்

மருந்து கிடைத்துவிட்டது, வெயிலில் கெடாமல் கொண்டுபோவதுதான் பாடு. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டுப் பத்து நாளில் கொப்புளம் தெளிந்த நீர் கோத்ததும், அதை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். 1803-இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு மருந்து போனது 22 அநாதைச் சிறுவர்களின் கைகளில்தான். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடுமே என்று இரண்டிரண்டு பேராகக் குத்தினார்கள். அந்தச் சிறுவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள்.

இப்படிக் கைக்குக் கை மாற்றியதில் மேகநோயும் சில இடங்களில் தொற்றியது. அதனால் பின்னாளில் கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தார்கள். வெயில் தாங்கும் உலர் மருந்து 1950-களில்தான் கைகூடியது.

ஊரைச் சுற்றி வேலி

1966-இன் கடைசியில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை தலைகாட்டியபோது, அங்கே இருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் குத்த மருந்து இல்லை. நோயாளி எங்கே இருக்கிறார் என்று தேடி, அவரோடு பழகியவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மட்டும் குத்தினார். நோய் அடங்கியது. பெரியம்மை உடம்பில் வெளிப்படப் பன்னிரண்டு நாள்போல ஆகும். தொற்றி மூன்று நான்கு நாளுக்குள் குத்திவிட்டாலும் மருந்து முந்திக்கொள்ளும். விலங்குகளிடம் ஒளிந்திருக்கும் நோயும் அல்ல. வேலிக்குள் சிக்கினால் அதற்குப் போக்கிடம் இல்லை.

கடைசி நோயாளி

சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977-இல் இரண்டு நோயாளிகளுக்கு வழிகாட்ட, வண்டியில் சில நிமிடங்கள் கூடப் போனார். தொற்றிக்கொண்டது. முதலில் மலேரியா என்றார்கள், பிறகு சின்னம்மை என்றார்கள். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அதிகம் இருக்கும். புதிய கொப்புளமும் காய்ந்ததும் கலந்து நிற்கும். பெரியம்மையோ முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்து, ஒரே பருவத்தில் இருக்கும்.

மாலின் பிழைத்தார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் அவரே கடைசி. 1980 மே 8-இல் உலக சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. அவரோ, வலிக்குமே என்று ஊசிக்குப் பயந்து ஒதுங்கிய தன் கதையை, பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்குத் தயங்கிய தாய்மார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.