ஆறாம் மாதச் சோறும் குழந்தையின் இரவுத் தூக்கமும்

ஆறு மாதம் நிறைந்து சோறு தீத்தத் தொடங்கியதும் குழந்தை விடியும்வரை அயர்ந்து தூங்கிவிடும் என்ற நம்பிக்கை எமது வீடுகளில் ஆழ வேரூன்றியுள்ளது. இரவில் மும்முறை எழுந்து அழும் பிள்ளையைக் கண்டால், "பால் போதாது, வயிறு நிரம்பவில்லை" என்று அம்மம்மாவும் உம்மும்மாவும் ஒரே தீர்ப்பையே வழங்குவர். 84 வேலை நாட்களைக் கொண்ட பிரசவ விடுமுறை முடிந்து தாய் பணிக்குத் திரும்பும் நான்காம் மாதமளவில் இத்தீர்ப்பு மேலும் வலுப்பெறுகின்றது. பல வீடுகளில் பால் போத்தலுக்குள் அரிசிமா கரைக்கப்படுவது அப்போதுதான்.

இந்நம்பிக்கை ஆய்வுக்கு உட்படாத ஒன்றல்ல. அமெரிக்காவில் 1989 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தொகுதிக் குழந்தைகளுக்கு ஐந்தாவது வாரத்திலிருந்தும் மற்றத் தொகுதிக்கு நான்காவது மாதத்திலிருந்தும் உறங்குமுன் போத்தலில் அரிசிமா கலந்து கொடுக்கப்பட்டது. இரு தொகுதியினரின் தூக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2018 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று சற்று மாறுபட்ட முடிவைத் தந்தது. 1,300 க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட அவ்வாய்வில், மூன்றாம் மாதத்திலிருந்து திட உணவு பெற்றோர், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் பெற்றோரைவிட இரவில் அதிகம் உறங்கினர். ஆனால் அந்த வேறுபாடு மிகக்கூடிய நிலையிலும் இரவுக்கு 17 நிமிடங்களையே எட்டியது. வாரக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் என்பதால் களைத்த தாய்க்கு அது அற்பமன்றுதான். எனினும் தகவல் தந்தவர்கள் தம் பிள்ளைக்கு எப்போது உணவு தொடங்கியது என்பதை அறிந்திருந்த பெற்றோர்களே என்பதையும் மறத்தலாகாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இதனால் மாறவில்லை.

எமது வினாவுக்கு மிக நெருங்கிய விடையைத் தருவது, வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளின் தாய்மார் 715 பேரிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வாகும். அக்குழந்தைகளில் ஐந்தில் நான்கு பங்கினர் இரவில் ஒரு தடவையேனும் விழித்தனர். பகலில் கூடுதலாக உண்டவர்கள் இரவில் பால் கேட்டது குறைவு. ஆனால் விழித்தது குறையவில்லை. அதாவது உணவு மாற்றுவது இரவுப் பசியையே அன்றி விழிப்பை அன்று. தவழத் தொடங்குதல், பல் முளைத்தல், தாயைப் பிரிய அஞ்சுதல் ஆகியனவும் இதே மாதங்களிலேயே வருகின்றன. இவற்றுக்குச் சோறு மருந்தாகாது.

உணவு வேளையை ஒழுங்கு செய்வதன் பயனும் இங்கேதான் உள்ளது. நாமறிந்த ஒரு வீட்டில், ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து இரு தடவையும் பால் குடித்தது. தாய் காலை ஏழு மணிக்கு அலுவலகம் சென்று மாலை ஐந்தரைக்குத் திரும்புபவர். பகலில் குழந்தை பெற்றதோ நீர்த்த கஞ்சி. வயிறு நிரம்பியதேயன்றிச் சத்துச் சேரவில்லை. இரவு எட்டரைக்கு, தூக்கக் கலக்கத்தில், பெரிய கிண்ணத்துச் சோறு திணிக்கப்பட்டது. பகலில் விட்ட பாலைக் குழந்தை இரவில் ஈடுசெய்ததில் வியப்பில்லை.

அவ்வீட்டில் செய்யப்பட்ட மாற்றம் எளியது. காலை ஆறு மணிக்குத் தாய்ப்பால். ஒன்பது மணிக்குக் கறந்து வைத்த பால். பதினொரு மணிக்கு, சோற்றுடன் பருப்பும் பூசணிக்காயும் சிறிது முட்டையும் சேர்த்து, கரண்டியைச் சரித்தாலும் வழிந்தோடாத பதத்தில் மசித்து, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டு அரைக் கோப்பையளவு. பிற்பகல் இரண்டரைக்கு மீண்டும் பால். தாய் வந்ததும் முதலில் தாய்ப்பால், ஆறேகாலுக்கு இரண்டாவது உணவு. ஏழே முக்காலுக்கு வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி தாய்ப்பால், பின் உறக்கம். புதிய உணவு எதுவாயினும் பகல் வேளையிலேயே அறிமுகமாயிற்று. ஒவ்வாமையோ வயிற்றுக் கோளாறோ தோன்றினால் வீட்டார் விழித்திருக்கும்போதே தெரிய வேண்டுமல்லவா?

இரு வாரங்களின் பின்னரும் குழந்தை இரு தடவை எழவே செய்தது. ஆனால் பதினொரு மணிக்குத் தட்டிக்கொடுத்தாலே உறங்கியது. இரண்டு மணிக்கு மட்டுமே பால் வேண்டியிருந்தது. எம் கருத்தில் எதிர்பார்க்கத்தக்க பயன் இதுவே. அந்த ஒரு வேளைப் பாலையும் வலிந்து நிறுத்த வேண்டியதில்லை. பகலில் பிரிந்திருக்கும் தாய்க்குப் பால் வற்றாதிருக்க அது உதவுகின்றது.

உணவு தொடங்கிய முதல் வாரங்களில் தூக்கம் கெடுமாயின் மலச்சிக்கல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இரவில் அடிக்கடி பசித்து எழுவதுடன் சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, வளர்ச்சி வரைபடத்தில் நிறைக்கோடு ஏறாது நின்றாலோ, தூக்க வேளையை ஆராய்ந்துகொண்டிராமல் குடும்பநல மாதுவிடமோ வைத்தியரிடமோ பிள்ளையைக் காட்டுதல் வேண்டும்.