பவர் டில்லருக்கு எந்த ஆயில்?

நெல் வயலில் ஓடும் 12 குதிரைத்திறன் அளவிலான பவர் டில்லரில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர் கொண்ட டீசல் இன்ஜின்தான் இருக்கும். அதற்கு ஒரு ஆயில், கியர் பெட்டிக்கு வேறொரு ஆயில். இன்ஜின் ஆயில் சூட்டையும் டீசல் கரியையும் தாங்க வேண்டும். கியர் ஆயில் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் படலமாக நிற்க வேண்டும். சேற்றுழவு வண்டியாக இருந்தால் தண்ணீரையும் சமாளிக்க வேண்டும்.

இன்ஜின் ஆயில் டப்பாவில் இரண்டு குறிகளைப் பார்த்தால் போதும். முதலாவது எஸ்.ஏ.இ. எண், ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்கிறது. 15டபிள்யூ-40 என்பதில் 15 குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதையும், 40 இன்ஜின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது உள்ள கெட்டியையும் காட்டுகின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் கடுங்குளிர் கிடையாது. ஆகவே கையேடு இடம் கொடுத்தால் வெறும் 40 எண் ஆயிலும் வேலை செய்யும். ஆனால் விடியற்காலையில் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்பவருக்கு 15டபிள்யூ-40 கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. தரம். அது ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கினால் டீசலுக்கு உரியது. சி.எஃப்-4, சி.ஐ-4 போன்றவை இந்த வகை இன்ஜினுக்குப் பொருந்தும். ‘எஸ்’ தரம் மட்டும் அச்சிட்ட பெட்ரோல் வண்டி ஆயிலையோ, ஸ்கூட்டருக்கு வாங்கி மிச்சமானதையோ ஊற்றக் கூடாது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைத் துகளாகப் பிரித்து ஆயிலிலேயே மிதக்க வைக்கும் சேர்மங்கள் அவற்றில் போதிய அளவு இருக்காது. கரி அடியில் படிந்து, பிஸ்டன் வளையங்களையும் ஒட்ட வைத்துவிடும். நல்ல டீசல் ஆயில் சில நாளிலேயே கறுப்பது அது கரியைச் சுமக்கிறது என்பதற்கு அடையாளம். கறுத்துவிட்டதே என்று பயந்து மாற்ற வேண்டியதில்லை.

மாற்றும் காலத்தை ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். கையேடு 100 மணி என்கிறது, மணிக்கணக்கு மீட்டரோ வண்டியில் இல்லை என்றால் டீசலை வைத்தே கணக்கிடலாம். சேற்றுழவில் மணிக்கு சுமார் ஒன்றேகால் லிட்டர் குடிக்கும் வண்டி 125 லிட்டர் டீசல் தீர்ந்ததும் 100 மணி ஓடியிருக்கும். புது வண்டிக்கு முதல் மாற்றம் இதைவிடச் சீக்கிரமே வரும். தேய்ந்து பொருந்தும் உலோகத் துகள் அப்போதுதான் அதிகம். அளவுக் குச்சியில் ஆயில் குறைவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். கூடுவதைக் கவனிப்பவர் குறைவு. ஊற்றாமலே மட்டம் ஏறி, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் உள்ளே ஒழுகுகிறது. அந்த இளகிய ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது.

கியர் பெட்டிக்கு வரும் 90 என்ற எண்ணை 40-க்கு இரு மடங்கு கெட்டி என்று நினைக்கக் கூடாது. கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. 90 எண் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எண் இன்ஜின் ஆயிலின் கெட்டிதான். வேறுபாடு உள்ளே கலந்த சேர்மங்களில் இருக்கிறது. அதனால்தான் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ற தரக் குறிகள். ஜி.எல்-5-இல் கந்தகச் சேர்மம் அதிகம். லாரியின் பின் அச்சில் உள்ள, பற்கள் வழுக்கி உரசும் கியர்களுக்கு அது தேவை. டில்லரின் நேர்ப்பல் கியர்களுக்கு அந்த அளவு தேவையில்லை. பித்தளை, வெண்கல புஷ்களை அது அரிக்கவும் கூடும். கையேடு ஜி.எல்-4 என்றால் அதையே வாங்குவது நல்லது. சில வண்டிகளின் கையேடு கியர் பெட்டிக்கும் இன்ஜின் ஆயிலையே சொல்கிறது. அங்கே 90 ஊற்றக் கூடாது.

நெல் வயலில் கியர் ஆயிலைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். உழுது சூடான பெட்டியைத் தண்ணீர் நிற்கும் வயலில் நிறுத்தினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில் தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ரோட்டரி தண்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் நைலான் கயிறும்தான் சீலின் உதட்டைக் கிழிப்பவை. உழவு முடிந்ததும் அவற்றை வெட்டி எடுப்பதே பாதி பராமரிப்பு.

தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க வண்டியை ஓர் இரவு சமதரையில் அசையாமல் விட வேண்டும். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், அடியில் உள்ள வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், தண்ணீர் எடை கூடியது என்பதால் முதலில் அதுதான் சொட்டும். பால் காபி நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் கலந்து கடைபட்டுவிட்டது. தண்ணீரை மட்டும் வடித்துப் பயனில்லை. முழுவதையும் சூடாக இருக்கும்போது வடித்து, சீலை மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த சேற்றுழவிலேயே அதுவும் வெளுத்துவிடும். புதிதாக ஊற்றிய பிறகு ஒரு நாள் உழுது, மறுநாள் காலை அதே போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் புது சீல் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.