எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளுக்குப் புது வேலை ஒன்று வந்து சேர்ந்தது. இந்த் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரம் அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு கடையையோ கிடங்கையோ வாடகைக்கு எடுத்திருந்தால், பெரும்பாலும் மாத வாடகையைச் செலவாக எழுதினால் போதும். இந்தத் தரம் வந்த பிறகு, ஒப்பந்தக் காலம் முழுவதும் கொடுக்க வேண்டிய வாடகையைக் கணக்கிட்டு, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, ஐந்தொகையில் கடனாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஒப்பந்தங்களுக்கும் சிறு மதிப்புள்ள பொருள்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இந்தக் கணக்கைப் போட ஒவ்வொரு ஒப்பந்தத்திலிருந்தும் சில தகவல்கள் வேண்டும். ஒப்பந்தம் என்று தொடங்குகிறது, வாடகை என்று தொடங்குகிறது, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும், அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், நீட்டிக்கும் உரிமை யாருக்கு என்பவை அவை. பல ஊர்களில் கடை நடத்தும் நிறுவனத்திடம் இப்படி நானூறு ஒப்பந்தங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சிலர் உட்கார்ந்து படித்து, எக்செல்லில் ஏற்றுவார்கள். பத்துத் தகவல் வீதம் நாலாயிரம் கட்டங்கள் நிரம்பிவிடும். இனி யாரும் ஒப்பந்தத்தைத் திறக்கப் போவதில்லை. கணக்கு, தணிக்கை, அடுத்த ஆண்டு பட்ஜெட் எல்லாம் அந்தக் கட்டங்களை நம்பியே நடக்கும். அவை சரியா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நாலாயிரத்தையும் மறுபடி படிக்க நேரமிருக்காது. ஆகவே சிலவற்றை எடுத்து மூலப் பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதற்கு முதல் தேவை, ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு. அது இல்லாவிட்டால், சரிபார்ப்பவர் முப்பது பக்க ஒப்பந்தத்தை முழுக்கத் தேட வேண்டும். நாலாவது கோப்பிலேயே களைத்துப்போய், கண்ணில் படும் முதல் தொகையைப் பார்த்து 'சரி' போட்டுவிடுவார்.

பக்க எண் என்றால் எந்தப் பக்க எண் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவான பத்திரத்தின் ஸ்கேனில் முத்திரைத் தாள், முத்திரை குத்திய பின்பக்கங்கள், அடையாள ஆவணங்கள் எல்லாம் கலந்திருக்கும். தட்டச்சில் 7 என்று அச்சான பக்கம் திரையில் 11ஆவது பக்கமாக இருக்கும். ஒருவர் அச்சு எண்ணையும் மற்றவர் திரை எண்ணையும் எழுதினால், குறிப்பு இருந்தும் பயனில்லை. கோப்பின் பெயர், திரையில் வரும் பக்க எண், ஷரத்து எண் ஆகிய மூன்றையும் எழுதுவது நல்ல பழக்கம். ஸ்கேனை மாற்றினால் பக்க எண் நகர்ந்துவிடும். ஷரத்து எண் நகராது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். ஒரு துணிக்கடைக்கான ஒன்பது ஆண்டு ஒப்பந்தம். எக்செல்லில் இப்படி ஏறியிருக்கிறது: தொடக்கம் 1.3.2018, மாத வாடகை ரூ.1,80,000, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, ஆகவே 1.3.2021 முதல் ரூ.2,07,000. பக்கக் குறிப்பு 11, ஷரத்து 4.3.

சரிபார்ப்பவர் எக்செல்லைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக்குப் போகக் கூடாது. 2,07,000 என்று மனத்தில் பதிந்துவிட்டால், கண் அதற்குச் சாதகமான வரியைத்தான் தேடும். பக்கத்தை முதலில் படித்து, தனக்குக் கிடைத்த விடையைத் தனியாக எழுதி, பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் படித்தால் 4.3 சொல்வது இது: உயர்வு, 'வாடகை தொடங்கும் நாளிலிருந்து' மூன்றாண்டுக்கு ஒருமுறை. அந்த நாள் எது? அது இந்த ஷரத்தில் இல்லை. 8ஆம் பக்கத்தில், சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியில் இருக்கிறது. கடையை ஒப்படைத்த நாள் 1.3.2018. உள் அலங்கார வேலைக்காக மூன்று மாதம் வாடகை கிடையாது. வாடகை தொடங்கும் நாள் 1.6.2018. ஆகவே உயர்வு 1.6.2021இல்தான் வரும். எக்செல்லில் மூன்று மாதம் முன்னதாகவே வாடகை ஏறிவிட்டது. மாதம் 27,000 வீதம் 81,000 ரூபாய் பிழை.

குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் திறந்து 15 சதவீதம் இருக்கிறதா, மூன்றாண்டு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் இரண்டும் இருக்கும். பிழை தப்பியிருக்கும். அதனால்தான் உயர்வு, காலம் போன்ற தகவலுக்கு ஒரு பக்கம் போதாது; 'பக்கம் 11, ஷரத்து 4.3, பக்கம் 8, விளக்கம்' என்று இரண்டு குறிப்பும் வேண்டும்.

இதோடு முடியவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில், பதிவு முத்திரைகளுக்குப் பின்னால், 2020இல் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. பொதுமுடக்கக் காலத்தில் கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் பேசி வாடகையைக் குறைத்து இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டது பரவலாக நடந்தது. இந்தக் கடிதத்தில், 2021இல் வர வேண்டிய உயர்வை ஓராண்டு தள்ளிவைக்க இருதரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆக, முதல் உயர்வு 1.6.2022. எக்செல் பதினைந்து மாதம் முந்திக்கொண்டிருக்கிறது. பிழை 4,05,000 ரூபாய். ஒப்பந்தத்தின் ஷரத்தை அப்படியே பின்பற்றியவரும் இங்கே தவறியிருப்பார். எந்தத் தகவலாக இருந்தாலும், அதைப் பின்னால் வந்த துணை ஒப்பந்தமோ கடிதமோ மாற்றியிருக்கிறதா என்று கோப்பின் கடைசிவரை பார்த்த பிறகே 'சரி' போட வேண்டும்.

இரண்டாவது உயர்வு எப்போது? பழைய கணக்குப்படி 2024 ஜூனா, தள்ளிவைத்த நாளிலிருந்து எண்ணி 2025 ஜூனா? கடிதம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சரிபார்ப்பவர் இங்கே தானாக ஒரு தேதியை முடிவு செய்யக் கூடாது. நம்பகத்தன்மை என்ற கட்டம் இருப்பதே இதற்காகத்தான்.

அந்தக் கட்டத்தை மூன்று நிலையாக வைத்தால் வேலை நடக்கும். ஓரிடத்தில் தெளிவாக, வேறெங்கும் முரண்படாமல் எழுதியிருப்பதை அப்படியே எடுத்திருந்தால் 'உறுதி'. இரண்டு ஷரத்துகளைச் சேர்த்துப் படித்தோ கணக்குப் போட்டோ பெற்றிருந்தால் 'கணிப்பு'. எழுத்து மங்கியிருந்தால், கையால் திருத்தியிருந்தால், எண்ணில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருந்தால், பத்திரம் வாய்மூடி இருந்தால் 'ஐயம்'. நிலையோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். நம் உதாரணத்தில் முதல் உயர்வின் தேதி 'கணிப்பு'. இரண்டாவது உயர்வின் தேதி 'ஐயம், கடிதத்தில் குறிப்பில்லை, வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்'. வெறுமனே 'ஐயம்' என்று எழுதி வைத்தால், வழக்கறிஞருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

நான் கவனித்தவரை, அதிகம் ஏமாற்றுவது 'இல்லை' என்ற பதில். நீட்டிக்கும் உரிமை 'இல்லை' என்று ஒரு கட்டத்தில் இருந்தால், அது பத்திரத்தில் இல்லையா, படித்தவர் பார்க்கவில்லையா? இல்லாத ஒன்றுக்குப் பக்க எண் தர முடியாது. ஆனால் தேடிய எல்லையைத் தரலாம்: 'பக்கம் 1 முதல் 31 வரை, இணைப்பு உட்படப் பார்த்தது'. சில கோப்புகளையாவது எக்செல்லைப் பார்க்காமல் பத்திரத்திலிருந்து தொடங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கட்டத்திலிருந்து பக்கத்துக்குப் போனால் எழுதியது தவறா என்று தெரியும். பக்கத்திலிருந்து கட்டத்துக்கு வந்தால்தான் எழுதாமல் விட்டது தெரியும்.

இனி, எத்தனை பார்ப்பது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே உலையில் வெந்த அரிசி ஒரே பதத்தில் இருக்கும். ஒப்பந்தங்களை எழுதியவர்களும் வேறு, படித்தவர்களும் வேறு. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுத்த 60 கட்டங்களைப் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்றால், மொத்தத்தில் பிழை 5 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஏனெனில், உண்மையில் நூற்றுக்கு ஐந்து தவறாக இருந்தால், 60 எடுத்தும் ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இதையே 1 சதவீதம் என்று சொல்ல வேண்டுமானால் சுமார் 300 பார்க்க வேண்டும். பத்தைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொன்னால், நாலில் ஒன்று தவறாக இருக்கும் வாய்ப்பைக்கூட அதனால் முழுதாக மறுக்க முடியாது.

இந்தக் கணக்கு குலுக்கி எடுத்ததற்கு மட்டுமே பொருந்தும். அதோடு, வாடகை மிக அதிகமான ஒப்பந்தங்களையும், துணை ஒப்பந்தம் இணைத்தவற்றையும், 'ஐயம்' என்று குறித்தவற்றையும் தனியாக, முழுதாகப் பார்ப்பது வழக்கம். ஐயமானவற்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. 'உறுதி' என்று குறித்தவற்றிலும் சிலவற்றைப் பார்த்தால்தான், அந்தச் சொல்லை நம்பலாமா என்று தெரியும். 40 'உறுதி'களில் நான்கு தவறென்றால், படிப்பவர்கள் பக்கத்தைச் சரியாகப் பார்க்காமலே 'உறுதி' போடுகிறார்கள் என்று பொருள். அப்போது அந்தக் குறியை வைத்து எதையும் ஒதுக்க முடியாது.

பிழை கிடைத்தவுடன் அந்தக் கட்டத்தைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் சரிபார்ப்பின் பலன் அந்த ஒரு கட்டத்தோடு போய்விடும். குலுக்கிய 60இல் மூன்று பிழை, மூன்றும் வாடகை தொடங்கும் தேதியில் என்றால், அது தற்செயல் இல்லை. ஒப்படைத்த நாளையும் வாடகை நாளையும் யாரோ ஒன்றாக நினைத்திருக்கிறார். எந்த ஒப்பந்தங்களில் வாடகையில்லாத தொடக்க மாதங்கள் உண்டோ அவை அத்தனையையும் திறக்க வேண்டும். நானூறில் எழுபது என்றால் எழுபதையும் திறக்க வேண்டும். மற்ற முந்நூற்று முப்பதைத் தொட வேண்டாம். எந்த எழுபது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு வரியிலும் படித்தவர் பெயரும் ஷரத்து எண்ணும் இருந்தால் அரை நாள் போதும்.

திருத்தும்போது பழைய மதிப்பை அழிக்கக் கூடாது. பழையது, புதியது, மாற்றிய காரணம், பார்த்த பக்கம், பார்த்தவர், நாள் ஆகியவை தனி வரிசையில் நிற்க வேண்டும். தணிக்கையாளர் வந்து, போன காலாண்டில் 1.3.2021 என்றிருந்தது இப்போது எப்படி 1.6.2022 ஆயிற்று என்று கேட்பார். அப்போது கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தைக் காட்டினால் போதும்.