சர்க்கரை இறங்கியதும் மங்கிய கண்

அந்த அம்மாவுக்கு வயது 46. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். கண் சோதிக்கும் அறையில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"சார், சுகருக்குக் குடுத்த ஊசியும் மாத்திரையும் என் கண்ணைக் கெடுத்துடுச்சு. அதுக்கு முன்னாடி கண்ணாடி இல்லாமலே ஊசியில நூல் கோத்தேன். இப்போ ஊசிக் காது எங்கேன்னே தெரியல. அதான் நேத்திலேர்ந்து எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

பார்வை சோதிக்கும் வேலையில் எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. இந்தப் புகாரைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறும். சொல்கிறவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. மருந்து தொடங்கிய பிறகுதான் பார்வை மங்கியது. ஆனால் அதைக் காரணமாக வைத்து மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

மூன்று கண்ணாடிகளும் அவர் கதையைச் சொல்லின. முதலாவது, இரண்டு வருடம் முன்பு வெள்ளெழுத்துக்கு வாங்கியது. படிக்க பிளஸ் 1.25. இரண்டாவது இரண்டு மாதம் முன்பு வாங்கியது. பஸ் போர்டு தெரியவில்லை என்று கடைக்குப் போயிருக்கிறார். சோதித்துவிட்டு தூரப் பார்வைக்கு மைனஸ் 1.50 கொடுத்திருக்கிறார்கள். அப்போது ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததும், தண்ணீர் குடித்துக் குடித்துத் தாகம் அடங்காததும் கண்ணோடு சம்பந்தப்பட்டவை என்று அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளெழுத்து போய்விட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். பிறகுதான் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை 390. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 12. இன்சுலினும் மாத்திரையும் தொடங்கி பன்னிரண்டு நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 140க்கு இறங்கியிருந்தது. மூன்றாவது கண்ணாடி போன வாரம் வாங்கியது. அதுவும் இப்போது சரியில்லை.

நான் சோதித்தபோது இரண்டு கண்ணிலும் தூரத்துக்கே பிளஸ் 1.25 தேவைப்பட்டது, கிட்டத்தில் பார்க்க பிளஸ் 2.75. மைனஸ் 1.50இலிருந்து பிளஸ் 1.25க்குத் தாவியிருக்கிறது. இரண்டே மாதத்துக்குள் கிட்டத்தட்ட மூன்று பவர் வித்தியாசம்.

இது எப்படி நடக்கிறது? கண்ணின் கருமணிக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. பருப்பு வடிவம், குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குள். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. தன்னைச் சுற்றியுள்ள கண் நீரிலிருந்துதான் அது சாப்பிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். அங்கிருந்து லென்ஸுக்குள் போகும். தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். லென்ஸுக்கு அந்தக் கதவே இல்லை, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளே வந்துவிடும். அப்படி வந்த உபரிச் சர்க்கரையில் ஒரு பங்கு, லென்ஸுக்குள்ளேயே சார்பிட்டால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேறாது. உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் உலர்திராட்சையைப் போட்டு வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இனிப்பு அதிகம், வெளியே வெறும் தண்ணீர். தண்ணீர் உள்ளே போய் திராட்சை உப்பும். மருந்து வேலை செய்து ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது லென்ஸுக்கும் இதுதான் நேர்கிறது. சுற்றியிருக்கும் நீர் நீர்த்துவிடுகிறது; உள்ளே தேங்கிய சார்பிட்டால் அப்படியே இருக்கிறது. லென்ஸ் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் கலந்த லென்ஸ் ஒளியை முன்புபோல் வளைக்காது. அதனால் பிளஸ் பவர் வெளியிலிருந்து தேவைப்படுகிறது. சர்க்கரை பல வாரம் ஏறியே இருந்த காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் நடக்கும். லென்ஸின் ஒளி வளைக்கும் திறன் கூடி மைனஸ் வரும். தூரம் மங்கி, கிட்டம் தெளியும். அந்த அம்மா கண்ணாடி இல்லாமல் ஊசி கோத்தது இதனால்தான். அன்றைக்குத்தான் அவர் கண் சரியில்லாமல் இருந்தது.

இந்தப் பிளஸ் மாற்றம் சர்க்கரை இறங்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு பவர். சிலருக்கு மூன்றைத் தாண்டும். ஆரம்பச் சர்க்கரை எவ்வளவு உயரமோ, இறக்கம் எவ்வளவு வேகமோ அவ்வளவு பெரிய தாவல். பிறகு சார்பிட்டால் மெதுவாகக் கரைய, ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பும்.

அவரிடம் ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்து, அவர் பையில் இருந்த தையல் ஊசியாலேயே நடுவில் ஒரு துளை போடச் சொன்னேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்தத் துளை வழியாகச் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். "அட, தெரியுதே!" என்றார். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கண்ணாடி பவர் தவறால் வரும் மங்கல் வெகுவாகக் குறைந்துவிடும். விழித்திரை வீங்கியோ நரம்பு கெட்டோ வந்த மங்கல் குறையாது. துளையில் தெளிந்தது, இரண்டு கண்ணும் ஒரே அளவு மாறியிருந்தது, சர்க்கரை சமீபத்தில் இறங்கியிருந்தது என்ற மூன்றும் சேர்ந்து லென்ஸைத்தான் காட்டின. ஆனால் துளையில் தெரிந்துவிட்டதே என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரையின் ஓரங்களில் ரத்தக் கசிவு இருந்தாலும் நடுப் பார்வை தெளிவாகவே இருக்கும். நீண்டநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்பு உள்ள விழித்திரை சிறிது காலம் மோசமாவதும் உண்டு. அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்க்க வேண்டும். வயது வந்தபின் சர்க்கரை வந்தவர்களுக்கு நோய் தெரிந்த அன்றே இது தேவை.

மருந்தை அன்று மாலையே மறுபடி தொடங்கச் சொன்னேன். புதுக் கண்ணாடி எழுதிக் கொடுக்கவில்லை. தையல் நிற்கக் கூடாது என்பதற்காக ரெடிமேடாகக் கிடைக்கும் மலிவான பிளஸ் கண்ணாடி ஒன்றைத் தற்காலிகமாகச் சொன்னேன். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஒன்றரை மாதமாவது ஆனபின், இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போனால்தான் நிரந்தரக் கண்ணாடி. கண் சோதிக்கப் போகும்போது அன்றைய சர்க்கரை அளவைச் சொல்லுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கூட வந்திருந்த அவருடைய தாயார் அதுவரை பேசாமல் இருந்தார். எழுபது வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வலது கண்ணில் புரை அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்திருந்தது. "எனக்கும்தான் இப்போ கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க வருது. அப்போ எனக்கும் சுகர் ஏறியிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் அவருக்கு அந்தத் தெளிவு இடது கண்ணில் மட்டும், ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. லென்ஸின் நடுப்பகுதி முதிர்ந்து இறுகும் கண்புரையும் இதேபோல் மைனஸ் பவரைக் கொண்டுவரும். சர்க்கரையால் வருவது வாரக் கணக்கில் வந்து போகும். புரையால் வருவது மாதக் கணக்கில் வந்து, திரும்பாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை மற்றவர்களைவிட முன்கூட்டியே வரும். அதற்கும் சார்பிட்டால் ஒரு காரணம். லென்ஸின் பின்புறப் பரப்பில் படியும் வகை இவர்களிடம் அதிகம். அந்த வகைக்கு வெயிலில் கண் கூசும், எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறும், எழுத்துப் பலகையில் மட்டும் ஓரளவு படித்துவிடுவார்கள்.

தாயாரின் வலது கண்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. அதுவும் ஒரு மாதமாக மங்கல் என்றார். செயற்கை லென்ஸ் சர்க்கரைக்கு வீங்காது, சுருங்காது. அந்தக் கண்ணில் பவர் ஊசலாடக் காரணமில்லை. ஊசித் துளையிலும் எழுத்து தெளியவில்லை. டாக்டர் சோதித்தபோது விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்திருந்தது. அறுவை முடிந்த கண் மங்கினால், சுகர் ஏறியிருக்கும், இறங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. இடது கண்ணின் புரை அறுவைக்கு முன்பும் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அங்கே வீக்கம் இருந்தால் அறுவை அதை அதிகமாக்கலாம்.

கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, இந்த வரிசையிலேயே சேராது. அது பவரை மாற்றிக் காட்டிக்கொடுப்பதில்லை. பரவலாகக் காணப்படும் வகையில் பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடப் படிப்பார்கள். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தோ லேசரோ அறுவையோ, மிச்சத்தைத்தான் காக்கும். கண்ணாடிக் கடைப் பரிசோதனையில் இது சிக்காது. கண் அழுத்தம் அளந்து, நரம்பின் தலைப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் பார்வைப் பரப்பையும் சோதிக்க வேண்டும். அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21க்குள் இருக்கும். ஆனாலும் அந்த எண் ஒன்றை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சர்க்கரை நோயால் வரக்கூடிய ஒரு கொடிய வகையும் உண்டு. விழித்திரைக்கு ரத்தம் போதாமல் போனால், புது ரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லும் ரசாயனத்தை அது வெளியிடும். அந்தக் குழாய்கள் கண்ணின் முன்பக்கத் திரையிலும் படர்ந்து, கண் நீர் வடியும் வழியை அடைத்துவிடும். அழுத்தம் நாற்பது ஐம்பதுக்கு ஏறி, கண் சிவந்து, தலையே பிளப்பதுபோல் வலிக்கும். இதற்கு அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து மட்டும் போதாது. பட்டினி கிடக்கும் விழித்திரைக்கு லேசரும் கண்ணுக்குள் ஊசியும் தேவை. அந்த லேசரை டாக்டர் முன்பே சொல்லியும் பயந்து தள்ளிப்போட்டவர்கள் இந்த வலியோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாவது வாரம் தையல்கார அம்மா மறுபடி வந்தார். சர்க்கரை 120க்கும் 140க்கும் இடையில். தூரத்துக்குப் பவர் எதுவும் தேவைப்படவில்லை. கிட்டத்துக்கு பிளஸ் 1.50, அந்த வயதுக்கு உரியது. பதினைந்து நாள் கழித்து மீண்டும் பார்த்தேன், அதே அளவு. சீட்டு எழுதினேன். விழித்திரையில் இரண்டு மூன்று சின்ன ரத்தப் புள்ளிகள் இருந்ததால், அடுத்த பரிசோதனைத் தேதியையும் அதே சீட்டில் எழுதினேன். மைனஸ் கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்டார். எடுத்து வைத்திருங்கள், பஸ் போர்டு மறுபடி மங்கி அந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிற நாள் வந்தால், கடைக்குப் போகாமல் முதலில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன்.