26 நாள் கழித்து ஒரு பதில்

பள்ளி ஆண்டு மலர் தயாரிக்கும் ஓர் ஆசிரியை எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். என் பழைய கட்டுரை ஒன்றை மலரில் சேர்க்க அனுமதி வேண்டும், கூடவே ஒரு புகைப்படமும் வேண்டும். ராத்திரி பதில் போடலாம் என்று நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். மறுபடி அதைத் திறந்தபோது 26 நாள் ஓடியிருந்தது.

இரண்டாம் நாளே எழுதியிருந்தால் ஒரு வரி போதும். பத்து நாள் போனபிறகு ஒரு வரியில் எழுதக் கூச்சமாகிவிடுகிறது. விளக்கமாக எழுதலாம் என்று தள்ளிவைக்க, விளக்கவேண்டிய நாட்களும் கூடுகின்றன.

முதலில் எழுதியதில் அம்மாவின் உடல்நிலை, ஊர்ப் பயணம், லேப்டாப் பழுது என்று ஏழு வரிகள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆசிரியைக்கு வேண்டிய அனுமதி எட்டாவது வரியில் கிடந்தது. அம்மாவைப் பற்றிப் படித்தவர் நலம் விசாரிக்காமல் இருக்க முடியாது. கோபம் இருந்தாலும் காட்ட முடியாது. தவறு செய்தவன் நான், சங்கடம் அவருக்கு. ஏழு வரியையும் அழித்தேன்.

அடுத்து, 'தாமதமாகிவிட்டது, வருந்துகிறேன்' என்று எழுதினேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. தாமதம் தானாக ஆகவில்லையே, செய்தவன் நான்தானே? கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம் மேடம். 26 நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். கட்டுரையைத் தாராளமாக வெளியிடலாம். புகைப்படம் இணைத்திருக்கிறேன். மலர் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தால், தவறு என்னுடையது."

கடைசி வரியில் முதலில் 'பரவாயில்லை' என்று முடித்திருந்தேன். அது அவர் சொல்லவேண்டிய வார்த்தை, எடுத்துவிட்டேன்.

புது மின்னஞ்சலாகத் தொடங்காமல், அவர் அனுப்பியதற்கே பதிலாக எழுதினேன். தலைப்பையும் மாற்றவில்லை. ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துபோகும். எதைப் பற்றிய பதில் என்று அவர் பழையதைத் தேட வேண்டியிருக்கும். அனுப்புமுன் புகைப்படம் நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். 26 நாள் காக்கவைத்தவன் 'படத்தை மறந்துவிட்டேன்' என்று இன்னொன்று அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

காரணம் சொல்லியே ஆகவேண்டிய இடமும் உண்டு. கட்டுரையின் உரிமை பதிப்பகத்திடம் இருந்தால், 'அவர்களிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்' என்று எழுதத்தான் வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று அவர் முடிவெடுக்க அது உதவும். லேப்டாப் பழுதான கதை உதவாது.

மறுநாள் பதில் வந்தது: "மலர் போன வாரமே அச்சாகி வந்துவிட்டது சார். அடுத்த வருஷத்துக்கு இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்கிறோம்."

அவரும் 'பரவாயில்லை' என்று எழுதவில்லை.